லிப்ட் திருத்துபவர் வேறு, பரிசோதகர் வேறு

புறக்கோட்டையில் நான்கு மாடிக் கடை வைத்திருக்கும் சகோதரர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: “மாதா மாதம் கம்பனி ஆள் வந்து லிப்டைப் பார்த்துவிட்டுத்தானே போகிறார். அதற்கு மேல் பரிசோதகர் என்று இன்னொருவருக்கும் ஏன் காசு கொடுக்க வேண்டும்?” நியாயமான கேள்விதான். லிப்ட் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் என்ற வகையில், ஹொங்கொங் சம்பவம் ஒன்றை வைத்து இதற்குப் பதில் சொல்கிறேன்.

2017 மார்ச் 25 அன்று அங்கே மொங்கொக் பகுதியிலுள்ள ஒரு வர்த்தகக் கட்டிடத்தில், ஆட்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்த நீளமான எஸ்கலேட்டர் திடீரென்று கீழ்நோக்கி வேகமாக ஓடியது. 18 பேர் காயமடைந்தனர். மோட்டாரின் சக்தியைப் படிகளுக்குக் கொண்டு செல்லும் பிரதான சங்கிலி அறுந்திருந்தது. சங்கிலி அறுந்தால் மோட்டாரிலுள்ள பிரேக்கினால் பயனில்லை, ஏனென்றால் படிகளுக்கும் மோட்டாருக்கும் தொடர்பே இல்லாமற் போய்விடுகிறது. அந்த நேரத்துக்காகவே சங்கிலி அறுந்ததை உணரும் கருவி ஒன்றும், படிகளை நேரடியாகப் பிடிக்கும் இரண்டாவது பிரேக்கும் வைக்கப்பட்டிருக்கின்றன. அன்று அந்தக் கருவி வேலை செய்யவில்லை, அதனால் இரண்டாவது பிரேக்கும் விழவில்லை.

அந்தக் கருவி ஒவ்வொரு நாளும் வேலை செய்வதல்ல. கிரீசும் தூசும் படிந்து இறுகிப் போனாலும் எஸ்கலேட்டர் வழமை போல ஓடும், சத்தம்கூட மாறாது. கையால் அசைத்து, இயந்திரம் நிற்கிறதா, பிரேக் விழுகிறதா என்று பார்த்தால் மாத்திரமே தெரியவரும். மாதாந்தம் வருபவர் துடைத்து, எண்ணெய் இட்டு, ஓட வைத்துவிட்டுப் போவார். பரிசோதகரோ அது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வருகிறார்.

லிப்டிலும் இதே கதைதான். பெட்டி அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் இறங்கினால் மேலேயுள்ள வேகக் கட்டுப்பாட்டுச் சில்லு தன் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கம்பி, பெட்டிக்குக் கீழேயுள்ள ஆப்புகளை இழுத்துத் தண்டவாளத்தில் இறுக்கிப் பெட்டியை நிறுத்தும். தெரிந்த பரிசோதகர் வெறும் பெட்டியை மெதுவாக இறக்கிக்கொண்டே அந்தச் சில்லைக் கையால் விழ வைப்பார். பெட்டி தண்டவாளத்தைக் கவ்வி நின்றுவிட வேண்டும். பின்னர் ஆப்புகளை விடுவித்து, தண்டவாளத்தில் விழுந்த கீறலை அரத்தால் சமன் செய்வார். லிப்டைச் சிறிது நேரமாவது மறித்து வைக்காமல் இதைச் செய்ய முடியாது. வந்து கால் மணித்தியாலத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறவர் இதைச் செய்யவில்லை என்று நீங்கள் நிச்சயமாகச் சொல்லலாம்.

கடைக்காரர் தானே கண்டுகொள்ளக்கூடிய அடையாளமும் ஒன்று உண்டு. கதவு சரியாக மூடாமல் அடிக்கடி லிப்ட் நின்றுவிட்டால், சிலர் கதவுப் பூட்டின் மின் தொடர்பை ஒரு துண்டு வயரால் இணைத்து ஓட வைப்பார்கள். கோளாறைத் தேடுவதற்காகச் சில நிமிடங்களுக்குச் செய்ய வேண்டியதை மறந்தோ சோம்பலாலோ அப்படியே விட்டுவிடுவதும் நடக்கிறது. கதவு திறந்திருக்கும்போது லிப்ட் புறப்பட்டால் அந்தக் கணமே மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பெருநாள் வியாபாரம் நடந்துகொண்டிருந்தாலும் சரிதான்.

ஹொங்கொங்கில் 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி லிப்ட் வேலையாளும் எஸ்கலேட்டர் வேலையாளும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பதியாதவர் பதிந்தவரின் கண்காணிப்பில்தான் கை வைக்கலாம். குறித்த காலத்துக்கொரு முறை பதிவு பெற்ற பொறியியலாளர் பரிசோதித்து அத்தாட்சி கொடுக்க வேண்டும். நம் நாட்டில் 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், அதிகாரமளிக்கப்பட்ட உத்தியோகத்தர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை லிப்டைப் பரிசோதிக்க வேண்டும் என்கிறது. அது தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஆனால் கடை வைத்திருப்பவரும் அதே ஒழுங்கைப் பின்பற்றினால் நட்டம் ஒன்றும் இல்லை. தொழில் திணைக்களத்தின் கைத்தொழில் பாதுகாப்புப் பிரிவில் விசாரித்து, உங்களுக்குப் பராமரிப்புச் செய்யும் கம்பனியில் சம்பளம் வாங்காத ஒருவரைப் பிடியுங்கள்.

இந்தத் தொழிலுக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்று கேட்பவர்களும் உண்டு. தாராளமாக அனுப்பலாம், ஆனால் வழி சரியாக இருக்க வேண்டும். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையின் ஊடாகப் பயிலுநராகச் சேர்ந்து, முதலில் மின்னியலாளருக்கான தேசிய தொழிற் தகைமையை எடுப்பது நல்ல அத்திவாரம். நான்காம் மட்டம் என்றால் முழுத் தொழிலாளி என்று அர்த்தம். ஏற்கனவே பல வருடம் வேலை செய்து, கையில் சான்றிதழ் இல்லாதவருக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் வழியும் இருக்கிறது. அவர் மறுபடி வகுப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, வேலையைச் செய்து காட்டி மதிப்பீட்டுக்கு முகம் கொடுக்கலாம்.

பிள்ளையைச் சேர்க்கப் போகும் கம்பனியில் ஒரு விடயத்தை மட்டும் கேட்டுப் பாருங்கள். பயிலுநருக்குச் சொந்தமாக ஒரு பூட்டும் சாவியும் கொடுக்கிறார்களா? லிப்ட் குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை நிறுத்தித் தன் பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அப்போது மேலே இருப்பவர் அறியாமல் கரண்ட் போட முடியாது. “அதெல்லாம் தேவையில்லை, சத்தம் போட்டுச் சொன்னால் போதும்” என்று பதில் வந்தால் பிள்ளையை வேறு இடத்தில் சேருங்கள்.