பழைய ஸ்கூட்டருக்கு நேரான விளம்பரம்

‘சூப்பர் கண்டிஷன், விலை பேசலாம்’ என்பதை வைத்து யாரும் முடிவெடுக்க முடியாது. 2019 மாடல் ஸ்கூட்டர் ஒன்றுக்கு இப்படி எழுதலாம்:

‘41,000 கி.மீ. ஓடியது. பின் டயர் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். நான் இரண்டாவது ஓனர். கடன் முடிந்தது, ஆர்.சி.யில் அடமானப் பதிவை நீக்கித் தருகிறேன். விலை 38,000 ரூபாய், டயர் செலவைக் கழித்தது, குறைக்க இயலாது. பெயர் மாற்றக் கட்டணம் வாங்குபவருடையது.’

பலர் எழுதாமல் விடுவது அடமானப் பதிவைத்தான். கடைசித் தவணை கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் கொடுத்து அதை நீக்க வேண்டும். பதிவு நீடிக்கும்வரை, வங்கியின் சம்மதமின்றிப் பெயர் மாறாது. பணம் கொடுத்தவர் கையில் வண்டி இருக்கும், பெயர் இருக்காது. எத்தனையாவது ஓனர் என்பதும் பதிவிலேயே தெரிந்துவிடும், மறைப்பது வீண்.