ஜூனுக்குள் அறுபதாயிரம்: எவ்வளவு குறைக்க வேண்டும்?

அடுத்த ஜூனில் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையிருப்பு 18,000. மீதி 42,000. ஆகஸ்டு முதல் மே வரை பத்துச் சம்பளம் இருப்பதால் மாதம் 4,200 போதும் என்று தோன்றும். இப்போதே 2,500 சேமிப்பவர், 1,700 ரூபாய்ச் செலவைக் குறைத்தால் தீர்ந்தது என்பார்.

இந்தக் கணக்கு தீபாவளியில் உடையும். தீபாவளி, பொங்கல் மாதங்களில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. அவற்றைக் கழித்தால் எட்டு மாதங்களே. மாதம் 5,250 வேண்டும். ஆகவே குறைக்க வேண்டியது 2,750.

வாடகை, கடன் தவணையில் கைவைக்க முடியாது. ஹோட்டல் சாப்பாடு, துணிமணி போன்றவற்றுக்கு 7,000 போகிறது என்றால், அதில் 2,750 என்பது ஐந்தில் இரண்டு பங்கு. கடினம்தான், ஆனால் முடியும். அந்தச் செலவே 3,000தான் என்றால் திட்டம் நிற்காது. தேதியைத் தள்ளவோ, தொகையின் ஒரு பகுதிக்கு வேறு வழி தேடவோ வேண்டும்.

செப்டம்பர் முடிவில் 28,500 சேர்ந்திருக்க வேண்டும். 26,500தான் இருந்தால், குறையும் 2,000த்தை மிச்சமுள்ள ஆறு சேமிப்பு மாதங்களுக்குப் பிரியுங்கள்: மாதம் சுமார் 335 கூடுதல். அதையே மே மாதத்தில் கண்டுபிடித்தால், முழுவதையும் ஒரே சம்பளத்தில் எடுக்க வேண்டியிருக்கும்.