போர்டில் இருப்பது பாதி வட்டிதான்

கோவளத்தில் வளைகுடாச் சம்பளம் வந்து சேரும் வீடுகள் நிறைய. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாய் ஒருவருக்கு மகன் துபாயில் இருக்கிறார். இருபதாயிரம் டாலர் சேர்ந்திருக்கிறது. அதை எஃப்.சி.என்.ஆர். டெபாசிட்டில் போடச் சொல்கிறார்கள். தாம்பரம் பக்கம் ஒரு மனை வாங்க மூன்று வருடத்தில் ரூபாயாக வேண்டும். வங்கிக்காரர் காட்டிய அட்டவணையில் டாலருக்கு ஒரு வருட வட்டிதான் அதிகம், மூன்று வருடத்துக்குக் குறைவு. "அப்போ ஒரு வருஷம்தானே சார் போடணும்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த அட்டவணையில் பாதிக் கணக்குதான் இருக்கிறது.

எஃப்.சி.என்.ஆர். (பி) என்பது வெளிநாட்டில் வாழ்பவர், டாலரை டாலராகவே இந்திய வங்கியில் போட்டுவைக்கும் கணக்கு. 1993 மே மாதம் இந்த வடிவத்துக்கு வந்தது. காலம் குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து. முதிரும்போது டாலராகவே கைக்கு வரும், வட்டியும் டாலரில்தான். ஆக, ரூபாய் தேவைப்படுகிறவருக்கு இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அந்த நாளில் டாலர் என்ன விலைக்கு விற்கும்?

அதை இன்றே முடிவு செய்துகொள்ள ஒரு வழி உண்டு. மூன்று வருடம் கழித்து இந்த டாலரை இந்த விலைக்கு உங்களிடம் விற்கிறேன் என்று வங்கியோடு இப்போதே ஒப்பந்தம் போடலாம். இதுதான் ஃபார்வர்டு. அந்த விலை, இன்றைய விலையைவிடப் பெரும்பாலும் கூடுதலாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதலே ஃபார்வர்டு பிரீமியம். வங்கி நமக்குச் செய்யும் தயவு இல்லை அது. ரூபாய்க்கு வட்டி அதிகம், டாலருக்குக் குறைவு என்றால், அந்த வித்தியாசத்தைத் தோராயமாக விலையில் ஏற்றிவிடுகிறது சந்தை. இல்லாவிட்டால் ஒருவர் டாலரில் கடன் வாங்கி, ரூபாயில் போட்டு, திரும்ப டாலராக்கி, சும்மா லாபம் பார்த்துவிடுவார்.

அப்படியென்றால் எந்தக் காலத்துக்குப் போட்டாலும் ஒன்றுதானே என்று தோன்றும். புத்தகப்படி சரி. ஆனால் பிரீமியம் நாள்தோறும் அசைகிறது. வங்கியின் டெபாசிட் வட்டி அப்படி அசைவதில்லை. அதற்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பும் வைத்திருக்கிறது, அதுவும் மூன்று வருடத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. 2024 டிசம்பரில் அந்த வரம்புகளைச் சில மாதங்களுக்கு உயர்த்தினார்கள். இந்த இடைவெளிகளில்தான் ஒரு காலம் லாபமாகவும் இன்னொன்று நஷ்டமாகவும் அமைகிறது.

இனி பாயின் பணம். எண்கள் கணக்குக்காக நான் வைத்தவை, இன்றைய சந்தை விலை அல்ல. டாலர் 85 ரூபாய், ஆக இருபதாயிரம் டாலர் என்பது 17 லட்சம். ஒரு வருடத்துக்கு டாலர் வட்டி 4.5 சதவீதம், பிரீமியம் 1.8. மூன்று வருடத்துக்கு வட்டி 4, பிரீமியம் வருடத்துக்கு 2.5. பிரீமியத்தை வங்கியில் பைசாவில் சொல்வார்கள். 153 பைசா என்றால் அதை 85 ரூபாயால் வகுத்தால் 1.8 சதவீதம் வரும்.

இரண்டையும் கூட்டினாலே தோராயமாகத் தெரிந்துவிடும். ஒரு வருடத்துக்கு 6.3, மூன்று வருடத்துக்கு 6.5. (துல்லியமாகப் பெருக்கினால் 6.38, 6.6.) அட்டவணையில் குறைவாகத் தெரிந்த மூன்று வருடம் மேலே வந்துவிட்டது. ஆனால் இங்கே நிற்கக்கூடாது. பாயின் மகனுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது: டாலரை இன்றே ரூபாயாக்கி என்.ஆர்.இ. டெபாசிட்டில் போடலாம். அதற்கு ஒரு வருடத்துக்கு 6.6, மூன்று வருடத்துக்கு 6.4 என்று வைப்போம். ஒரு வருடக் கணக்கில் என்.ஆர்.இ. ஜெயிக்கிறது, மூன்று வருடக் கணக்கில் டாலரும் ஃபார்வர்டும் ஜெயிக்கின்றன.

ஆகவே சோதனை இதுதான்: அதே காலத்துக்கான என்.ஆர்.இ. வட்டியிலிருந்து டாலர் வட்டியைக் கழிக்க வேண்டும். மிச்சம் பிரீமியத்தைவிடப் பெரிதாக இருந்தால் இன்றே ரூபாயாக்கலாம். சிறிதாக இருந்தால் டாலரிலேயே வைத்து ஃபார்வர்டு போடலாம். ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனியாகக் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு வருடப் பிரீமியத்தை மூன்று வருட வட்டியோடு சேர்ப்பது பலர் செய்கிற தப்பு.

மூன்று வருடக் கணக்கை ரூபாயில் முடித்துவிடுவோம். இருபதாயிரம் டாலர், 4 சதவீதத்தில் சுமார் 22,497 டாலர் ஆகும். ஃபார்வர்டு விலை 91 ரூபாய் 54 பைசா. கைக்கு வருவது சுமார் 20 லட்சத்து 59 ஆயிரம். என்.ஆர்.இ.யில் போட்டிருந்தால் 20 லட்சத்து 48 ஆயிரம். பதினோராயிரத்துச் சொச்சம் கூடுதல்.

பாய் சிரித்தார். நான் அவசரப்படவில்லை, ஏனென்றால் வரி பாக்கி இருக்கிறது. வெளிநாட்டுவாசிக்கு இரண்டு டெபாசிட்டின் வட்டிக்கும் விலக்கு உண்டு. ஆனால் பிரீமியம் வட்டி அல்ல. நம் கணக்கில் ஃபார்வர்டு மூலம் வந்த கூடுதல் ரூபாய் 1 லட்சத்து 47 ஆயிரம். அதற்குப் பத்து சதவீத வரி விழுந்தாலே 14,700 போய்விடும். பதினோராயிரம் லாபம் நஷ்டமாகிவிடும். மகனின் நிலைக்கு எந்த வரி, எவ்வளவு என்பதை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். அரை சதவீதத்துக்குக் குறைவான வித்தியாசத்துக்காக ஃபார்வர்டு போடுவது என் பார்வையில் வீண்.

இந்தக் கழித்தல் கணக்கு நாட்டளவில் நடந்த காலமும் உண்டு. 2013இல் ரூபாய் சரிந்தபோது பிரீமியம் எக்கச்சக்கமாக ஏறியது. டாலர் டெபாசிட் வாங்கிய வங்கி அதை ரூபாயாக்கிக் கடன் கொடுக்க வேண்டுமென்றால், திருப்பித் தரும் நாளுக்கான டாலரை ஃபார்வர்டில் வாங்கிவைக்க வேண்டும். நமக்கு வரவாகும் பிரீமியம் வங்கிக்குச் செலவு. அப்போது ரகுராம் ராஜன் தலைமையிலான ரிசர்வ் வங்கி, மூன்று வருடமும் அதற்கு மேலும் போட்ட எஃப்.சி.என்.ஆர். பணத்துக்கு மட்டும் அந்தச் செலவை வருடம் 3.5 சதவீதம் என்று நிறுத்தியது. சந்தை விலையில் ஏறக்குறையப் பாதி. நவம்பர் முடிவுக்குள் 26 பில்லியன் டாலர் அளவில் டெபாசிட் வந்து குவிந்தது. காலத்தை முடிவு செய்தது டெபாசிட் வட்டி அல்ல, அந்த 3.5 சதவீதம். பெரும்பாலானவை மூன்று வருடம் என்பதால் 2016 கடைசியில் மொத்தமாக முதிர்ந்தன. ரிசர்வ் வங்கி அதற்கு முன்கூட்டியே டாலர் தயார் செய்ய வேண்டியிருந்தது.

தனி ஆளுக்கு வேறு சிக்கல்கள். ஒரு வருடம் வரைதான் ஃபார்வர்டு சந்தை சுறுசுறுப்பாக இருக்கும். மூன்று வருடத்துக்கு வங்கி சொல்லும் விலையில் அதன் கமிஷன் அதிகம் ஒளிந்திருக்கும், சின்னத் தொகைக்கு இன்னும் அதிகம். அதனால் செய்தியில் படித்த பிரீமியத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. முதிரும் தேதியையும் வட்டி சேர்ந்த முழுத் தொகையையும் சொல்லி, டெபாசிட் போடும் அதே நாளில் எழுத்தில் விலை கேட்க வேண்டும். ஃபார்வர்டை இருபதாயிரத்துக்கு மட்டும் போட்டால் வட்டி டாலர் வெளியே நிற்கும்.

"நடுவுல பணம் வேணும்னா?" என்றார். ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே இல்லை. ஃபார்வர்டு தனி ஒப்பந்தம், அது தானாகச் சாகாது. டாலர் 95க்குப் போயிருந்தால், ரத்து செய்ய வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும். அந்த டாலரை அன்றே 95க்கு விற்கிறவருக்குப் பெரும்பகுதி ஈடாகிவிடும். மகளின் வெளிநாட்டுப் படிப்புக்கு டாலராகவே கட்டுகிறவருக்கு ஈடு எதுவும் இல்லை. அது நேரான நஷ்டம். அப்படிப்பட்டவருக்குப் பிரீமியம் தேவையே இல்லை. வங்கிக்காரர் காட்டிய அட்டவணையில் எந்தக் காலத்துக்கு டாலர் வட்டி அதிகமோ, செலவு வரும் தேதிக்கு எது ஒத்துப்போகிறதோ, அதை எடுத்தால் போதும்.

பாய்க்கு மனைதான், ரூபாய்தான். ஆடிட்டர் சொல்லும் வரி எதுவானாலும், இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு மூன்று வருட என்.ஆர்.இ.யே போதும் என்றேன்.