ஹெட்மாஸ்டருக்கு எழுதிய மருந்துச் சீட்டு

நான்காம் வகுப்பு டீச்சர் ஒருவர் என்னிடம் வந்திருந்தார். திங்கட்கிழமை காலையில் குரல் தெளிவாக இருக்கும், புதன் மாலைக்குள் கரகரக்கும், வெள்ளிக்கிழமை வெறும் காற்றுதான் வரும் என்றார். ஞாயிறு கழிந்தால் பாதி சரியாகிவிடுமாம். பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் பார்த்தாயிற்று. தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த மருத்துவர் இரண்டு குரல் நாண்களிலும் சிறு முடிச்சுகள் இருப்பதாக எழுதி, பேச்சைக் குறைக்கச் சொல்லியிருந்தார்.

"நாப்பத்திரண்டு பிள்ளைங்க டாக்டர். பேசாம எப்படி நடத்துறது?"

கேள்வி நியாயமானது. வேலையால் வரும் நோய்களைப் பார்ப்பது என் தொழில். இதில் மருந்துச் சீட்டு பல நேரம் நோயாளிக்குப் போகாது, அவர் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் போகும்.

பெண் குரலில் நாண்கள் இரண்டும் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. 40 நிமிட பீரியடில் கால் பங்கு நேரமே குரல் ஒலிக்கிறது என்று வைத்தாலும் 600 நொடி, அதாவது 1,20,000 மோதல்கள். ஒரு நாளில் ஆறு பீரியட் என்றால் ஏழு லட்சத்தைத் தாண்டும். கத்தும்போது சுருதியும் ஏறும், மோதலின் வேகமும் கூடும். மண்வெட்டி பிடிக்கும் கையில் காய்ப்பு விழுவதுபோல, நாண்கள் அதிகம் மோதும் இடத்தில் முதலில் வீக்கம் வருகிறது, பிறகு முடிச்சு விழுகிறது.

"சரி, நாளையிலிருந்து மெதுவாகப் பேசுகிறேன்" என்று டீச்சர் தீர்மானித்தால் போதாதா? போதாது. இரைச்சலில் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911-ல் விவரித்த இந்த அனிச்சைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். காது தன் குரலைக் கேட்க முடியாதபோது தொண்டையை முடுக்கிவிடுகிறது. மன உறுதியால் இதை ஒரு நிமிடம் அடக்கலாம், ஒரு பீரியட் முழுக்க முடியாது. ஆகவே இரைச்சலைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குரலைக் கருவியால் பெருக்க வேண்டும்.

அவர் வகுப்பைப் பற்றி விசாரித்தேன். சாலையோர அறை, கடகடக்கும் இரண்டு மின்விசிறிகள், பக்கத்து வகுப்போடு இடையில் ஒரு தட்டிதான். காலையில் பிரேயர், மாலையில் மைதான மேற்பார்வை. மைதானம்தான் எனக்கு உறுத்தியது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். வகுப்பில் சுவர்களாவது குரலைக் கொஞ்சம் திருப்பித் தரும், அங்கே அதுவும் இல்லை.

ஹெட்மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அதில் நோயின் பெயரைக் குறிப்பிடவில்லை. அது டீச்சரின் சொந்த விஷயம், ஹெட்மாஸ்டருக்குத் தேவையும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது என்ன செய்யலாம், என்ன கூடாது, எத்தனை நாளைக்கு என்பவைதான். எழுதியது இவ்வளவு: "ஆறு வாரத்துக்கு பிரேயர், மைதானப் பொறுப்பு வேண்டாம். அவசரத்துக்கு விசில் போதும். தொடர்ந்து இரண்டு பீரியடுக்கு மேல் பேசும் பாடம் கூடாது. அடுத்ததில் எழுத்து வேலையோ படிப்போ இருக்கட்டும். வகுப்பைச் சாலைப் பக்கம் இல்லாத அறைக்கு மாற்ற வேண்டும். மின்விசிறிகளைப் பழுது பார்க்க வேண்டும். இடுப்பில் மாட்டும் ஒலிபெருக்கியை எல்லா வகுப்பிலும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும். ஆறாவது வாரம் மறுபரிசோதனை."

இதில் ஒன்றுதான் முடியும் என்று ஹெட்மாஸ்டர் சொன்னால் ஒலிபெருக்கியைத்தான் கேட்பேன். அமெரிக்காவில் நெல்சன் ராய் குழுவினர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், குரல் கெட்ட ஆசிரியர்களில் ஒரு பகுதியினருக்கு ஒலிபெருக்கி தந்தார்கள், இன்னொரு பகுதியினருக்குக் குரல் பராமரிப்புப் பாடம் நடத்தினார்கள். ஆறு வாரத்தில் ஒலிபெருக்கி வைத்தவர்கள் தெளிவாகத் தேறினார்கள். பாடம் மட்டும் கேட்டவர்களிடம் சொல்லும்படி முன்னேற்றமில்லை.

ஆனால் மைக் மாட்டியும் கத்துபவர்கள் உண்டு. பேச்சு வீட்டில் பேசுவதுபோல இருக்கும் அளவுக்கு ஒலியை வைத்து, மைக்கை வாயோரம் நிறுத்த வேண்டும்.

தேறுகிறதா என்று அவரே பார்க்க ஒரு வழி சொன்னேன். தினமும் காலையில் மிக மெல்லிய குரலில், உச்ச சுருதியில் ஒரு தாலாட்டு வரியை முணுமுணுக்க வேண்டும். நாண் வீங்கியிருந்தால் உரத்த குரல் வரும், அந்த மெல்லிய உச்சக் குரல்தான் முதலில் உடையும். அது உடைந்தால் அன்றைய பாடத்தைக் கரும்பலகைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

குரல் கம்மி நான்கு வாரம் தாண்டினால், ஆசிரியரோ மற்றவரோ, தொண்டையைக் கேமரா வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். கத்திக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் அறுந்துபோனால் நான்கு வாரம் காத்திருக்காதீர்கள். அது நாணில் ரத்தம் கசிந்ததாக இருக்கலாம். பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள்.