பிராண்டுக்கு அனுப்பும் மூன்று பக்கம்

யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறவருக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. கடலை எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் சார்பில் விளம்பர ஏஜென்சி எழுதியிருக்கிறது. 'உங்கள் மீடியா கிட்டையும் கமர்ஷியல்ஸையும் அனுப்புங்கள்' என்பதுதான் செய்தி. நீங்கள் யார், உங்களை யார் பார்க்கிறார்கள், இதுவரை யாருக்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு கேட்கிறீர்கள் என்பதையெல்லாம் இரண்டு மூன்று பக்கத்தில் சொல்லும் பி.டி.எஃப். கோப்புதான் மீடியா கிட். கமர்ஷியல்ஸ் என்பது கட்டண விவரம்.

அந்த மின்னஞ்சலை அனுப்பியவர் அதே நாளில் இன்னும் பல சேனல்களுக்கும் அதையே அனுப்பியிருப்பார். பதில் வந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, ஒவ்வொருவரின் எண்களையும் எக்செல் தாளில் ஒரு வரிசையாக ஏற்றுவது. சேனல் பெயர், சந்தாதாரர்கள், ஒரு வீடியோவுக்குச் சராசரிப் பார்வை, பார்வையாளர்கள் எந்த ஊர், கட்டணம் என்று கட்டங்கள் இருக்கும். அந்தத் தாள்தான் நிறுவனத்தின் மேலாளருக்குப் போகிறது. நீங்கள் அனுப்பும் மூன்று பக்கத்தின் வேலை, அந்த ஒரு வரிசையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரப்பிக் கொடுப்பது. வண்ணமும் வடிவமைப்பும் அதற்குப் பிறகுதான். எண்களைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே கொடுத்தால் அவர் அப்படியே நகலெடுத்துக்கொள்வார்.

நிரப்பும்போது பெரும்பாலானவர்கள் சறுக்குவது 'சராசரிப் பார்வை' என்ற கட்டத்தில்தான். ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். திருநெல்வேலியில் இருந்து நடக்கும் சமையல் சேனல், 48,000 சந்தாதாரர்கள். கடைசிப் பத்து வீடியோக்கள் வெளியாகி முப்பது நாளில் பெற்ற பார்வைகள்: 6,200, 7,100, 5,400, 8,000, 92,000, 6,800, 5,900, 7,500, 6,400, 7,300. ஐந்தாவது வீடியோ மட்டும் எப்படியோ பரவிவிட்டது. மொத்தத்தைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் 15,260 வரும். ஆனால் அந்தப் பத்தில் ஒன்றுகூட 15,000 பக்கம் இல்லை. ஒன்பது வீடியோக்கள் எட்டாயிரத்தைத் தாண்டவில்லை.

15,000 என்று கிட்டில் போட்டு, அதை நம்பி நிறுவனம் பணம் கொடுத்து, வீடியோ ஏழாயிரத்தில் நின்றால், அந்த ஏஜென்சி மறுபடி எழுதாது. பத்து எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி, நடுவில் நிற்கும் இரண்டின் சராசரியை எடுப்பதே சரி. இங்கே 6,800-க்கும் 7,100-க்கும் நடுவே 6,950. 'கடைசிப் பத்து வீடியோக்களில் வழக்கமான பார்வை, முப்பது நாளில் சுமார் 7,000' என்று எழுதுங்கள். பரவிய வீடியோவை மறைக்க வேண்டியதில்லை. 'அதிகபட்சம் 92,000' என்று தனியே ஒரு வரி போட்டால் போதும். எண் சிறியதாகிவிட்டதே என்று வருத்தம் வரும். ஆனால் படிக்கிறவர் உங்கள் சேனலைத் திறந்து கீழே உருட்டினால் பத்து வீடியோக்களின் பார்வையும் அவர் கண்ணில் படத்தான் போகிறது. அவர் காண்பதும் நீங்கள் சொன்னதும் ஒத்துப்போனால், மற்ற எண்களையும் நம்புவார்.

ஷார்ட்ஸ் போடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே யூடியூப் அதை ஒரு பார்வையாகக் கணக்கிடுகிறது. திரும்ப ஓடினாலும் கணக்கில் சேரும். விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் பார்வையாளர்தான். பழைய முறைப்படியான எண்ணிக்கை, யூடியூப் ஸ்டுடியோவில் `Engaged views` என்ற பெயரில் தனியே கிடைக்கிறது. ஷார்ட்ஸின் லட்சங்களையும் நீள வீடியோவின் ஆயிரங்களையும் கூட்டி 'மாதப் பார்வை' என்று போடுவதுதான் இப்போது கிட்டுகளில் நம்பிக்கையைக் கெடுக்கும் பெரிய தவறு. இரண்டையும் தனித்தனி வரியில் வையுங்கள்.

அடுத்தது, பார்ப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது. தமிழ்ச் சேனலுக்கு இது மற்ற மொழிக்காரர்களைவிட முக்கியமான கேள்வி. நமக்கு இலங்கையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பார்வையாளர்கள் உண்டு. யூடியூப் ஸ்டுடியோவின் அனலிடிக்ஸ் பகுதியில் `Audience` என்பதைத் திறந்தால் நாடுவாரியாக விழுக்காடு வரும். வயதும் ஆண் பெண் விகிதமும் அங்கேயே இருக்கும். இன்ஸ்டாகிராமின் இன்சைட்ஸில் நகரங்களும் தெரியும். நம் கற்பனைச் சேனலுக்கு இந்தியாவிலிருந்து 70 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் தமிழ்நாட்டுக் கடைகளில் மட்டும் கிடைக்கிறது என்றால், ஏழாயிரம் பார்வையில் அந்த நிறுவனத்துக்குப் பயன்படுவது அதிகபட்சம் 4,900. மீதி 2,100 பேர் வீடியோவை ரசிப்பார்கள், ஆனால் எண்ணெய் வாங்க முடியாது.

இதைச் சொல்லாமல் விட்டால் நல்லது என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மறுமாதம், வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் சேவை ஒன்றோ, மசாலா ஏற்றுமதி செய்யும் நிறுவனமோ எழுதினால், அந்த 30 விழுக்காடுதான் உங்கள் பலம். ஆகவே கிட்டின் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றக்கூடியதாக வைத்துக்கொண்டு, கேட்கும் பிராண்டுக்குத் தேவையான கூட்டத்தை முன்னால் நிறுத்துங்கள். எண்கள் மாறுவதில்லை, வரிசை மட்டும் மாறுகிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று குறிப்பிட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்துவது எளிது என்பதால், பல ஏஜென்சிகள் இன்சைட்ஸைத் திறந்து உருட்டிக்காட்டும் ஸ்கிரீன் ரெக்கார்டிங் கேட்பார்கள். கிட் தயாரிக்கும் அன்றைக்கே அதையும் பதிவு செய்து வைத்துவிடுவது நல்லது.

செய்த வேலை என்ற பக்கத்தில் பலர் பிராண்டு லோகோக்களை வரிசையாக ஒட்டுகிறார்கள். லோகோவைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டே இரண்டு வேலையை எடுத்து, அவர்கள் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன செய்தீர்கள், முப்பது நாளில் எத்தனை பார்வை, இணைப்பை எத்தனை பேர் அழுத்தினார்கள், கூப்பன் குறியீட்டை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று நான்கு வரி எழுதினால் அதற்கு எடை உண்டு. கூப்பன் கணக்கு நிறுவனத்திடம்தான் இருக்கும். வேலை முடிந்த ஒரு மாதத்தில் கேட்டு வாங்கிவிட வேண்டும், அதன் பிறகு கேட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் இருப்பார். ஸ்டோரி ஒரு நாளில் மறைந்துவிடுவதால், போட்ட மறுநாளே அதன் எண்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை ஒரு பிராண்டும் வரவில்லை என்றால்? பணம் வாங்காமல், நீங்களே பயன்படுத்தும் பொருள் தென்பட்ட வீடியோ ஏதாவது இருக்கும். அதன் கீழே 'அக்கா, அந்தச் செக்கு எண்ணெய் எங்க வாங்குனீங்க?', 'அந்த இரும்புச் சட்டி என்ன விலைங்க?' என்று வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பெயரை மறைத்து, அப்படியே எடுத்து வையுங்கள். 'இது கட்டணம் பெறாத வீடியோ' என்ற வரியும் உடன் வேண்டும். வாங்கும் எண்ணத்தோடு வந்து கேட்ட ஐந்து கேள்விகளை, ஐநூறு இதயக் குறிகளைவிட உயர்வாகவே ஒரு எண்ணெய் வியாபாரி மதிப்பார்.

இனி கட்டணம். ஒரு தனி வீடியோவுக்கு மளிகை 1,200 ரூபாய், எடிட்டருக்கு 3,500, உங்கள் இரண்டு நாள் உழைப்புக்கு நாளுக்கு 2,500 வீதம் 5,000. கூட்டினால் 9,700. இதற்குக் கீழே போனால் கைக்காசு போட்டு நிறுவனத்துக்கு விளம்பரம் செய்கிறீர்கள் என்று பொருள். இது தரை. இதற்கு மேல் எவ்வளவு என்பதைப் பார்வையாளர்களும், அந்தப் பொருளோடு உங்களுக்குள்ள பொருத்தமும் முடிவு செய்யும். 18,000 என்று வைத்தால், ஏழாயிரம் பார்வைக்கு, பார்வை ஒன்றுக்கு இரண்டரை ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. எதிர்முனையில் இருப்பவர் இந்த வகுத்தலைச் செய்துதான் மற்ற சேனல்களோடு ஒப்பிடுவார். அதனால் முதலில் நீங்கள் செய்து பார்த்துவிடுவது நல்லது.

கட்டணப் பக்கத்தில் உண்மையில் பணம் நழுவுவது வேறோர் இடத்தில். 18,000 என்பது உங்கள் சேனலில் உங்கள் பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்கான தொகை. நிறுவனம் அதே வீடியோவை வெட்டி, தன் கணக்கில் மூன்று மாதம் பணம் கட்டி விளம்பரமாக ஓட்டினால் அது வேறு வியாபாரம். உங்கள் முகம் லட்சக்கணக்கானவர்களிடம் போகும். ஓட்டுகிறவர்களுக்கு நடிகரையோ ஸ்டுடியோவையோ பிடிக்கும் செலவு மிச்சம். அதேபோல், 'மூன்று மாதத்துக்கு வேறு எந்த எண்ணெயையும் காட்டக் கூடாது' என்ற நிபந்தனையும் இலவசம் அல்ல. அந்தக் காலத்தில் நீங்கள் மறுக்கப்போகும் வேலையின் விலை அது. கிட்டில் விளம்பர உரிமைக்கு மாதக் கணக்கில் ஒரு தொகை, போட்டிப் பொருளைத் தவிர்ப்பதற்கு ஒரு தொகை என்று தனித்தனியாகப் போட்டுவிட்டால், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அவை சத்தமில்லாமல் வந்து உட்காராது. எத்தனை முறை திருத்தம் செய்து தருவீர்கள், முன்பணம் எவ்வளவு, ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலா என்பதற்கும் தலா ஒரு வரி போதும்.

கட்டணத்தைக் கிட்டுக்குள்ளேயே போடலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. விலையைத் தனித்தாளாக வைத்துக்கொண்டு, வேலை என்னவென்று தெரிந்தபின் அனுப்புவதே என் கணிப்பில் நல்லது. பொதுக் கோப்பில் போட்ட தொகை கைமாறிக் கைமாறி, ஒரு வருடம் கழித்து உங்களிடமே பழைய விலையாகத் திரும்பி வரும். கேட்டவர் வெளிப்படையாகக் கமர்ஷியல்ஸ் கேட்டிருந்தால் தயங்காமல் சேர்த்தே அனுப்புங்கள். 'இந்தத் தேதி வரை செல்லும்' என்று கீழே எழுதிவிட்டால் போதும்.

'பணத்துக்குப் பதில் பொருள் தருகிறோம்' என்று வரும் பார்ட்டர் அழைப்புகளுக்கு ஒரு வரிக் கணக்கு இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல், ஒரு நிதியாண்டில் ஒருவர் தரும் இத்தகைய பொருட்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், 10 விழுக்காடு வரி பிடித்தம் உண்டு. படம் எடுத்துவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் இது பொருந்தாது. கையில் காசு வராமலே வருமானக் கணக்கு ஏறும் என்பதை மனத்தில் வைத்து, பார்ட்டர் ஏற்பீர்களா, எந்த அளவுக்கு என்று கிட்டிலேயே சொல்லிவிடலாம்.

கடைசிப் பக்கத்தின் அடியில், கட்டண வீடியோ எல்லாவற்றிலும் 'விளம்பரம்' என்ற குறிப்பு இருக்கும் என்று எழுதுங்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலின் வழிகாட்டுதல் 2021 ஜூன் 14 முதல் இதைக் கேட்கிறது. இரண்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோவில், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் அந்தக் குறிப்பு திரையில் இருக்க வேண்டும். இதைச் சின்னதாக, ஓரமாகப் போடச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. கிட்டில் முன்கூட்டியே இருந்தால் படப்பிடிப்பு முடிந்தபின் அந்தப் பேச்சே எழாது.

கோப்பை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னால் படமாக அனுப்பாதீர்கள். எழுத்தெல்லாம் மங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், கோப்பின் பெயரில் சேனல் பெயரும் மாதமும் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்களை மாற்றினால் போதும். ஆனால் நாடுவாரி விழுக்காட்டை மட்டும் ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் திறந்து பார்த்துவிடுங்கள். ஒரே ஒரு வீடியோ இலங்கையிலோ மலேசியாவிலோ பரவினாலும் அந்த எண் நகர்ந்துவிடும்.