சிரிப்பு அடங்கும் வரை காத்திருங்கள்

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து, தன் ஸ்டாண்டப் நிகழ்ச்சியைப் பதிவு செய்யப் போகிறார் ஒரு தம்பி. டீ வருவதற்குள் அவர் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, எத்தனை கேமரா வைக்கணுங்க?" நான் மைக்கிலிருந்து தொடங்கினேன்.

ஏன் மைக் முதலில் என்பது, எஸ்.வி.சேகர் நாடகங்களைக் கேசட்டில் கேட்ட தலைமுறைக்கு எளிதில் புரியும். படமே இல்லாத அந்தக் கேசட்டில், அரங்கத்துச் சிரிப்பு கேட்டதால்தான் வீட்டில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சிரிப்பு சரியாகப் பதிவாகாவிட்டால், நல்ல ஜோக்கும் வெறும் பேச்சாகிவிடும். கையில் பிடிக்கும் மைக் வாயருகே வரும் ஒலியை மட்டுமே நன்றாக வாங்கும். அதனால் மேடை ஓரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக்கைக் கூட்டத்தைப் பார்த்து நிறுத்துங்கள். அவை ஸ்பீக்கர் பெட்டிக்கு முதுகு காட்டி நிற்கட்டும். அந்த ஒலி ஸ்பீக்கருக்குப் போகக் கூடாது, போனால் ஊளையிடும். ரெக்கார்டரில் மட்டும் தனித்தனி டிராக்காகப் பதிவாகட்டும்.

மண்டபத்தின் வெற்றுச் சுவர்கள் எதிரொலிக்கும். பின்சுவரில் கனமான துணி கட்டினால் அது ஓரளவு குறையும். மேடைக்கு அருகில் உள்ள மின்விசிறிகளை நிறுத்திவிடலாம். நாற்காலிகளை நெருக்கிப் போட்டு, முன்வரிசையிலிருந்தே ஆட்களை உட்கார வையுங்கள். நடுவில் காலி நாற்காலிகள் கிடந்தால் சிரிப்பு பக்கத்து ஆளுக்குத் தொற்றாமல் அங்கங்கே நின்றுவிடும்.

அடுத்தது ஸ்கிரிப்ட். மேடைக்கு எழுதியதை அப்படியே கேமராக்காரரிடம் கொடுத்தால் பயனில்லை. ஒரு தாளை இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் கேமரா. பேச்சில் மூன்று இடங்களை அடையாளமிடுங்கள்: சிரிப்பைக் கிளப்பும் பஞ்ச் சொல், உடம்பால் நடித்துக் காட்டும் இடம், முன்பு சொன்ன ஜோக்கை மறுபடி தொடும் இடம். மூன்றாவதை மறந்துவிடாதீர்கள். எடிட்டிங்கில் முதல் ஜோக்கை வெட்டிவிட்டு, பின்னால் அதைத் தொடும் வரியை விட்டுவைத்தால், பார்ப்பவருக்கு எதுவும் புரியாது.

இப்போது கேமரா. அமெரிக்காவில் 1951-ல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரில், பார்வையாளர்கள் முன்னால் மூன்று ஃபிலிம் கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டார்கள். ஒரு சிரிப்பை மறுபடி அதேபோல் வரவைக்க முடியாது என்பதே அந்த ஏற்பாட்டின் நியாயம். உங்களுக்கு நான்கு போதும். முதல் கேமரா பின்னால் நடுவில், மேடை முழுவதும் தெரிய, நிறுத்தாமல் ஓடட்டும். இரண்டாவது இடுப்புக்கு மேல். மூன்றாவது சற்றுப் பக்கவாட்டில், முகத்துக்கு நெருக்கமாக. நான்காவது மேடை ஓரத்திலிருந்து கூட்டத்தைப் பார்க்கட்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் ஐம்பதில் ஒரு நொடி என்று எல்லாக் கேமராவிலும் வைத்தால், மண்டப விளக்குகள் படத்தில் மினுக்கும் தொல்லை பெரும்பாலும் இராது.

கூட்டத்தின் முகம் தெரிய வெளிச்சம் வேண்டும். ஆனால் பளிச்சென்று விளக்குப் போட்டால், தன்னை யாரோ பார்க்கிறார்கள் என்ற கூச்சத்தில் ஆட்கள் வாய்விட்டுச் சிரிக்க மாட்டார்கள். மங்கலான மஞ்சள் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து கொடுங்கள்.

தம்பி தன் ஜோக் ஒன்றைச் சொன்னார். "எங்கப்பா தினமும் காலைல ஆறு மணிக்கு வாட்ஸப்ல வணக்கம் அனுப்புவாருங்க. ரெண்டு நிமிஷத்துல போன் பண்ணி, 'பாத்தியா?'ன்னு கேப்பாரு. நான் படுத்திருக்கறது அடுத்த ரூம்ல." கூட்டம் சிரிக்கும்போதே, சுவரை மூன்று தட்டு தட்டுவது போல் கையால் காட்டுவாராம்.

இதைத் தாளில் போட்டுப் பார்த்தோம். வாட்ஸப், போன் இரண்டும் இடுப்பளவு ஷாட்டில். 'பாத்தியா?' என்று அப்பாவின் குரலில் கேட்கும்போது முகத்துக்கு நெருக்கம். 'அடுத்த ரூம்ல' என்று முடியும்போதும் அதே முகம். பஞ்ச் விழும் கணத்தில் கூட்டத்துக்குத் தாவக் கூடாது. சொல்லி முடித்து எதுவும் தெரியாதவர் போல் நிற்கிறாரே, அந்த முகத்தில்தான் பாதி ஜோக் இருக்கிறது. சிரிப்பு எழுந்து ஒரு நொடி ஆனபின் கூட்டத்தைக் காட்டலாம் என்றால், இங்கே சுவரைத் தட்டும் நடிப்பு வருகிறது. அதற்குக் கை தெரிய வேண்டும், ஆகவே மறுபடி இடுப்பளவு ஷாட். அதன்பிறகு எழும் இரண்டாவது சிரிப்பில்தான் கூட்டம். அப்போது இரண்டு மூன்று நொடி தங்கி, அடுத்த வரியின் முதல் சொல்லுக்கு முன்பே மேடைக்குத் திரும்பிவிட வேண்டும். நான்காவது கேமராவில் இருப்பவர் தனியாகச் சிரிக்கும் ஆளை விட, பக்கத்தில் இருக்கும் அப்பாவைத் திரும்பிப் பார்க்கும் மகளைத் தேடட்டும். பார்ப்பவர் தன் வீட்டை அங்கே காண்பார்.

ஒரே நாளில் இரண்டு காட்சி நடத்திப் பதிவு செய்வது வழக்கம். ஒன்றில் நாக்குப் பிசகினால் மற்றதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அதே சட்டை, அதே அளவு மடித்த கை, அதே இடத்தில் தண்ணீர் பாட்டில், ஒவ்வொரு ஜோக்கிலும் மைக் அதே கையில் இருக்க வேண்டும். கிறிஸ் ராக் 2008-ல் 'கில் தி மெசஞ்சர்' நிகழ்ச்சியை நியூயார்க், லண்டன், ஜோகன்னஸ்பர்க் என மூன்று ஊர்களில் பதிவு செய்து, ஊருக்கு ஊர் உடை மாறுவது தெரியும்படியே ஒட்டினார். ஒரு வாக்கியம் ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடியும். அது தெரிந்தே செய்த பாணி. நமக்கு ஒட்டு தெரியாமல் இருப்பதே நல்லது.

எடிட்டிங்கில் முதலில் கண்ணை மூடி ஒலியை மட்டும் கேளுங்கள். நல்ல சிரிப்பு, பால் பொங்குவது போல் சட்டென்று எழும், மெல்ல அடங்கும். எட்டு நொடிச் சிரிப்பை ஐந்தாகக் குறைக்க வேண்டுமென்றால், எழும் பகுதியைத் தொடாதீர்கள். அடங்கும் பகுதியில், சத்தம் ஏறக்குறைய சமமாக இருக்கும் இரண்டு புள்ளிகளைத் தேடி, நடுவில் உள்ளதை எடுத்துவிட்டு, முனைகளை அரை நொடி ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைத்து ஒட்டுங்கள். மேடையில் உருவம் தாவுவதை மறைக்க, அந்த இடத்தில் கூட்டத்தின் ஷாட்டை வையுங்கள். பேசும்போது கூட்டத்து மைக்கைத் தாழ்த்தி, சிரிப்பு எழும்போது ஏற்றுங்கள். எப்போதும் ஏற்றியே வைத்தால் குரல் இரட்டித்துக் கேட்கும். அடுத்த வரி சிரிப்பின் உச்சத்திலேயே வந்தால், எடிட்டர் அவசரப்பட்டிருக்கிறார் என்று காது சொல்லிவிடும்.

சிரிப்பே எழாத இடத்தில் என்ன செய்வது? 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர், விசையைத் தட்டினால் பதிவு செய்த சிரிப்பு ஒலிக்கும் பெட்டியைச் செய்தார். அந்த வழி இன்னும் எளிதாகிவிட்டது. ஆனால் ஸ்டாண்டப்பில் அது பொய். சிரிப்பு எழாத ஜோக்கை வெட்டிவிடுங்கள். வேறு ஜோக்குக்குச் சிரித்த முகத்தைக் கொண்டுவந்து ஒட்டும்போதும் கவனம் வேண்டும். சாதியையோ பெண்களையோ பற்றிய ஒரு வரிக்கு முகம் சுளித்த பெண்ணை, அதற்குச் சிரித்தவராகக் காட்டினால், நாளைக்கு ஊரில் அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். படமெடுப்பதை வாசலிலேயே பெரிதாக எழுதி வையுங்கள். படத்தில் வர விரும்பாதவர்களுக்குக் கேமராவுக்கு எட்டாத வரிசைகளை ஒதுக்குங்கள்.

தம்பி, கேமராவில் ஒன்று குறைந்தாலும் சமாளிக்கலாம். கூட்டத்துக்கான மைக்குகளை மட்டும் எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.