142 நாள் ஆடியவருக்கும் 38 நாள் ஆடியவருக்கும் ஒரே கடிதமா?

ஊர் ஷட்டில் கிளப்புகளில் பிப்ரவரி வந்தால் பொருளாளருக்கு ஒரு வேலை வரும். மார்ச் 31-ல் சந்தா முடிகிறது, புதுப்பியுங்கள் என்று எல்லோருக்கும் செய்தி அனுப்ப வேண்டும். வெறுமனே அனுப்பாமல், "இந்த ஆண்டு நீங்கள் இவ்வளவு அனுபவித்தீர்கள்" என்று நினைவூட்டினால் பணம் சீக்கிரம் வரும் என்று கமிட்டியில் யாராவது சொல்வார்கள். யோசனை சரிதான். ஆனால் அந்த "இவ்வளவு" எவ்வளவு என்று கணக்குப் போட்டால், பாதிப் பேருக்கு மேல் அதைச் சொல்லாமல் இருப்பதே நல்லது என்று தெரியவரும்.

ஒரு கிளப்பை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஊர் எண்களைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு கோர்ட், 240 உறுப்பினர், ஆண்டுச் சந்தா ரூ.7,200. காலை மூன்றரை மணி நேரம், மாலை மூன்றரை மணி நேரம் திறந்திருக்கும். வெளியாள் கோர்ட் எடுத்தால் மணிக்கு ரூ.320.

முதலில், நன்றாக ஆடுகிறவர் ஒருவர். வருகைப் பதிவேட்டில் 142 நாள் கையெழுத்து இருக்கிறது, நாளுக்கு ஒரு மணி நேரம். அவசரக் கணக்கில் 142-ஐ 320-ஆல் பெருக்கினால் ரூ.45,440 வரும். இதைச் செய்தியில் போட்டு, "7,200 கட்டி 45,440 ரூபாய்க்கு ஆடியிருக்கிறீர்கள்" என்று எழுதும் பொருளாளர்கள் உண்டு. படிக்கிறவர் சிரித்துவிடுவார். கோர்ட்டில் அவர் தனியாகவா ஆடினார்? டபுள்ஸில் நான்கு பேர் நிற்கிறார்கள். வெளியே போய் ஆடியிருந்தாலும் 320-ஐ நாலாகப் பிரித்து ரூ.80 தான் கொடுத்திருப்பார். ஆக, சரியான கணக்கு இது:

கோர்ட்: 142 நாள் × ரூ.80 = ரூ.11,360
ஷட்டில்: கடை விலையைவிட டியூபுக்கு ரூ.150 குறைவு, 9 டியூப் = ரூ.1,350
கெஸ்ட் பாஸ்: 4 × ரூ.100 = ரூ.400
மொத்தம்: ரூ.13,110

சந்தாவைக் கழித்தால் ரூ.5,910 மிச்சம். 45 ஆயிரத்தைவிட இது சின்ன எண்தான், ஆனால் நம்பக்கூடிய எண். கெஸ்ட் பாஸ் ஆறு கொடுத்தோம், அவர் நாலுதான் எடுத்தார். மீதி இரண்டைக் கூட்டக் கூடாது. கொடுத்தது வேறு, அவர் அனுபவித்தது வேறு. இந்த இடத்தில்தான் பல செய்திகள் விளம்பர நோட்டீஸ் ஆகிவிடுகின்றன.

இதே கணக்கிலிருந்து இன்னொரு எண்ணும் கிடைக்கிறது. 7,200-ஐ 80-ஆல் வகுத்தால் 90. கோர்ட்டை மட்டும் பார்த்தால், ஆண்டுக்கு 90 நாள் ஆடினால்தான் சந்தாப் பணம் திரும்பி வருகிறது. நம் கிளப்பில் 90 நாளைத் தாண்டியவர்கள் 104 பேர். இவர்களின் சராசரி 135 நாள். மீதி 136 பேரின் சராசரி 36 நாள். மொத்தம் 18,936 கையெழுத்து. தலைக்கு 79 நாள் என்று ஒரு சராசரி எடுத்து, "நம் உறுப்பினர்கள் சராசரியாக 79 நாள் ஆடியுள்ளனர்" என்று எழுதலாம்தான். ஆனால் நிறைய ஆடுகிறவருக்கு அது குறைச்சல், ஆடாதவருக்கு அது குத்தல்.

இப்போது பணத்தைப் பாருங்கள். மொத்த வசூல் 240 × 7,200 = ரூ.17,28,000. அதில் அந்த 136 பேர் கட்டுவது ரூ.9,79,200. வாடகை, கரண்ட் பில், வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் பெரும்பாலும் வராதவர்களின் பணத்தில்தான் நடக்கிறது. அவர்கள் வராததால்தான் மாலை ஆறு மணிக்கு உங்களுக்குக் கோர்ட் கிடைக்கிறது. ஒரு நேரத்தில் ஆடக்கூடியவர் 16 பேர், நாளுக்கு ஏழு மணி நேரம் என்றால் 112 இடம். 240 பேரும் 142 நாள் வந்தால் ஆண்டுக்கு 34,080 இடம் வேண்டும், அதுவும் எல்லோருக்கும் ஆறிலிருந்து எட்டுக்குள்தான் வேண்டும். கிளப் ஒரு வாரம் தாங்காது.

அதனால் இந்தச் செய்தி யாருக்காக? 142 நாள் ஆடியவர் நீங்கள் எழுதாவிட்டாலும் கட்டுவார். ஏப்ரல் முதல் தேதி கேட் அருகே நின்று, "சார், ரசீது புக் எங்கே?" என்று கேட்கிற ஆள் அவர். எழுத வேண்டியது அந்த 136 பேருக்கு. அவர்களுக்கோ, அனுபவித்த பலனைக் கணக்காகக் காட்டினால் காரியம் கெட்டுப்போகும்.

38 நாள் வந்தவரை எடுத்துக்கொள்வோம். 38 × 80 = ரூ.3,040. நாளுக்கு எவ்வளவு கொடுத்தார் என்று பார்த்தால் 7,200 ÷ 38, அதாவது ரூ.189. வெளியே 80 ரூபாய்க்குக் கிடைக்கிற கோர்ட்டுக்கு இங்கே 189. எல்லோருக்கும் ஒரே அச்சில், நாள் எண்ணிக்கையை மட்டும் மாற்றி அனுப்பினால், கிளப்பை விட்டுப் போகச் சொல்லும் கணக்கை நாமே அவர் கையில் கொடுக்கிறோம்.

அவருக்கும் நினைவூட்ட ஏதாவது இருக்கும். ரசீது புத்தகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மே மாதப் பயிற்சி முகாமில் அவர் மகள் சேர்ந்திருக்கிறாள். வெளியாருக்கு ரூ.3,000, உறுப்பினர் பிள்ளைக்கு ரூ.1,500. ஆக 1,500 மிச்சம். சேர்த்தால் ரூ.4,540. சந்தாவுக்கு இன்னும் ரூ.2,660 குறைகிறதுதான். ஆனால் அவருக்கு எழுத வேண்டியது மொத்தத் தொகை அல்ல, அந்த ஒரு வரி: "மே முகாமில் உங்கள் மகளுக்கு ரூ.1,500 சலுகை கிடைத்தது. இந்த ஆண்டு முகாம் பதிவு ஏப்ரலில் தொடங்குகிறது." நாள் எண்ணிக்கையை விட்டுவிடலாம். கேட்டால் சொல்லலாம், ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை.

பாதிச் சந்தா யோசனையும் கமிட்டியில் வரும். ரூ.3,600 கட்டினால் காலை பத்து மணிக்குமேலும், சனி ஞாயிறு மதியமும் ஆடலாம் என்பது போல. அதற்காக மணி நேரத்தைக் கூட்ட வேண்டும், அந்தச் செலவு தனி. வரவை மட்டும் பார்ப்போம். 45 நாளுக்குக் குறைவாக வந்தவர்கள் 84 பேர் என்று வைப்போம். எல்லோருக்கும் இதை முதலிலேயே சொன்னால் எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள்; இழப்பு 84 × 3,600 = ரூ.3,02,400. ஒன்றுமே சொல்லாமல் விட்டு, அவர்களில் சரிபாதி, அதாவது 42 பேர் விலகினால் இழப்பு 42 × 7,200. அதுவும் அதே ரூ.3,02,400. ஆக, இந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் விலகுவார்கள் என்றால்தான் எல்லோருக்கும் சலுகை சொல்வது லாபம். போன ஆண்டு ரசீதைப் பார்த்து, இப்படிக் குறைவாக வந்தவர்களில் எத்தனை பேர் விலகினார்கள் என்று எண்ணினால் விடை கிடைத்துவிடும். பாதிக்குக் குறைவு என்றால், அனுப்பும் மூன்று செய்தியில் முதல் இரண்டில் பாதிச் சந்தாப் பேச்சே வேண்டாம். மூன்றாவது செய்தியில், இன்னும் கட்டாதவர்களுக்கு மட்டும் சொல்லலாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அடுத்த ஆண்டு விஷயம் தெரிந்தவர்கள் மூன்றாவது செய்திக்காகக் காத்திருப்பார்கள். கிளப்பில் எதுவும் ரகசியமில்லை, டீக்கடையில் எல்லாம் தெரிந்துவிடும்.

அனுப்பும் செலவு சின்னதுதான், ஆனால் தமிழில் எழுதுகிறவர்களுக்கு அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து போகும். தமிழில் 70 தான். அதிலும் "று" என்பது ஒரு எழுத்து அல்ல, ற ஒன்று, உகரக் குறி ஒன்று என்று இரண்டு இடம். புள்ளிக்கும் ஓர் இடம். இந்த வரியைப் பாருங்கள்:

```
உங்கள் சந்தா மார்ச் 31-ல் முடிகிறது. இந்த ஆண்டு 142 நாள் ஆடினீர்கள்.
```

இடைவெளியோடு 68 இடம். ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்குகிறது. ஆனால் தொகையும் இல்லை, கிளப் பெயரும் இல்லை. " புதுப்பிக்க ரூ.7,200. நாளுக்கு ரூ.51." என்று சேர்த்தால் 106 ஆகிறது. 70-ஐத் தாண்டியதும் இரண்டாகப் பிரியும். பிரிந்தால் ஒவ்வொன்றிலும் 67 இடம்தான், இரண்டும் சேர்த்து 134. மீதி 28 இடத்தில் கிளப் பெயர் அடங்க வேண்டும். ஒரு பகுதிக்கு 20 பைசா என்று வைத்தால் 240 பேர், இரண்டு பகுதி, மூன்று தடவை: ரூ.288. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ரூ.340-க்குள். ஒரே ஒருவர் புதுப்பித்தால் அதைப் போல 21 மடங்கு வந்துவிடும்.

இந்தியாவில் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டுமானால் வாசகத்தை முன்பே பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் இடத்தைக் குறித்துக் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அதனால் 90-ஐத் தாண்டியவருக்கு ஒன்று, தாண்டாதவருக்கு ஒன்று என்று இரண்டு வாசகத்தையும் ஜனவரியிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் இலவசம், ஒரு பட்டியலில் 256 பேர் வரை அடங்கும். ஆனால் எல்லோருக்கும் ஒரே வாசகம்தான் போகும், நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும். யார் எத்தனை நாள் வந்தார் என்பதை மட்டும் கிளப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். 12 நாள் வந்தவர் அன்றைக்கே குரூப்பைவிட்டுப் போவார், சந்தாவையும் நிறுத்துவார்.

உண்மையான செலவு பதிவேட்டை எண்ணுவதில் இருக்கிறது. 18,936 கையெழுத்தை பிப்ரவரியில் உட்கார்ந்து எண்ண முடியாது. மாதக் கடைசியில் 240 பெயருக்கு எதிரே ஒரு எண் எழுதி வந்தால் முடியும். எண்ணிக்கையில் இரண்டு தவறு வழக்கமாக வரும். காலையும் மாலையும் வந்தவர் இரண்டு நாளாகப் பதிவாகிவிடுவார். நால்வர் வந்து ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடுவார். இரண்டாவதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. வாட்ச்மேன் எந்தக் கோர்ட்டில் எத்தனை மணி நேரம் லைட் போட்டார் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மாலையில் மூன்று கோர்ட் இரண்டு மணி நேரம் எரிந்திருந்தால், டபுள்ஸ் கணக்கில் 24 கையெழுத்து இருக்க வேண்டும். பதிவேட்டில் 11 தான் என்றால் அந்த மாத எண்ணை யாருக்கும் அனுப்பக் கூடாது. 60 நாள் ஆடியவருக்கு 31 என்று எழுதினால், அவர் பதிவேட்டைக் கேட்டு வருவார். வந்து நின்றபின் சந்தாப் பேச்சு எடுபடாது.

மூன்று செய்திக்கும் பதில் வராதவர்களுக்குப் போன்தான். கட்டாததற்கான காரணத்தை ஒரு வார்த்தையில் பெயருக்கு எதிரே எழுதுங்கள்: முழங்கால், மாற்றல், பிள்ளை பிளஸ் டூ, கோர்ட் கிடைக்கவில்லை. முதல் இரண்டுக்கும் எந்த எண்ணும் மருந்தல்ல. பிளஸ் டூக்காரரை ஜூனில் மறுபடி கூப்பிடலாம். நான்காவது காரணம் சொன்னவர்கள் பத்துப் பேரைத் தாண்டினால், அடுத்த கமிட்டியில் சலுகையைப் பேச வேண்டாம், ஆறு மணி கோர்ட்டுக்கு முறை வைப்பதைப் பேசுங்கள்.